சாயக்கூலி குறைப்புக் கடிதம், நான்காம் பிரதி

கடிதம் எழுதுவதில் எனக்குத் திமிர் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். ஆரணியில் ஒரு பட்டுப்புடவை உற்பத்தியாளரிடம் ஆறு வருடம் அலுவலக வேலை பார்த்தேன். பில் போடுவது, போன் எடுப்பது, நெசவுக்காரர்களுக்குத் தறியில் ஏற்றும் பாவு நூல் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடிதம் என்று வந்தால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். பாங்க் மேனேஜர் ஒருமுறை என் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது யாரு எழுதினது?" என்று கேட்டாராம். பாராட்டித்தான் கேட்டார் என்று இன்று வரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம், காலை பத்தரை மணிக்கு, முதலாளி டீ கிளாஸோடு என் மேஜைக்கு வந்து நின்றார். உட்காராமல் நின்றால் ஏதோ வில்லங்கம் என்று எனக்குத் தெரியும்.

"சாயக்காரருக்கு ஒரு லெட்டர் போடணும்மா. காண்ட்ராக்ட் முடியுது இல்ல? புதுசுல ரேட்டக் கொறைக்கணும். நூத்துக்குப் பத்து."

சாயக்காரர் எங்களுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவர். முன்பெல்லாம் வாய்ப்பேச்சுதான். ஆடிட்டர் நச்சரித்ததால் நாலைந்து வருடமாக ஒப்பந்தம் எழுத்தில் வந்திருந்தது. இப்போது வெளியூரில் ஒருவர் மிஷின் போட்டு, கிலோவுக்கு நூற்றுக்குப் பத்து குறைத்துச் சாயம் போட்டுத் தருவதாக முதலாளிக்கு போன் செய்திருக்கிறார். அதிலிருந்து முதலாளிக்கு ராத்தூக்கம் இல்லை. அதே சமயம் சாயக்காரரை விடவும் மனமில்லை.

"நேர்ல சொல்லிடுங்களேன். நாலு தெரு தள்ளித்தானே பட்டறை?"

"நேர்லயா?" முதலாளிக்கு வியர்த்துவிட்டது. "அவரு மூஞ்சப் பாத்தா எனக்கு வாய் வராதும்மா. நீ எழுது. நான் சொல்றேன், அப்படியே போடு."

அவர் சொன்னதை அப்படியே போட்டேன். முதல் பிரதி இப்படி இருந்தது: "இருபத்திரண்டு வருடமாக எங்கள் காசில் தொட்டி கட்டிக்கொண்டீர்கள். இனிமேல் பத்து சதவீதம் குறைவு. இஷ்டமிருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் மிஷின்காரன் இருக்கிறான்." படித்துக் காட்டினேன். முதலாளி டீயை வைத்துவிட்டு, "அடிப்பாவி, இப்படியா எழுதுவாங்க? மனுஷன் மனசு உடைஞ்சிடும்" என்றார்.

"நீங்க சொன்னதுதாங்க."

"நான் கோவத்துல சொல்லுவேன். நீ மரியாதையா மாத்த வேணாமா? மரியாதையா இருக்கணும். ஆனா கண்டிப்பா இருக்கணும்."

சரி என்று இரண்டாம் பிரதி எழுதினேன். தாங்கள், தங்களது, தங்களின் கைவண்ணம், எங்கள் நிறுவனத்தின் தூண் என்று எல்லாம் போட்டேன். ரேட் விஷயத்தை மூன்றாவது பத்தியில், "கூலி விகிதங்களைச் சீரமைத்துக்கொள்ள விழைகிறோம்" என்று ஒளித்து வைத்தேன். முதலாளி படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கோபம் வந்தது.

"இன்னாம்மா இது, பேஜாரா போச்சு! இதப் படிச்சா நானே அவருக்கு ரேட்ட ஏத்திக் குடுக்கணும் போல கீது. சீரமைக்கிறதுன்னா ஏத்துறதா, எறக்குறதா? அவரு ஏத்துறதுன்னு நெனச்சிகினு நாளைக்கு ஸ்வீட்டோட வந்து நிப்பாரு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் பிரதியில் எரிச்சலைக் காட்டிவிட்டேன். "கீழ்க்காணும் நிபந்தனைகளை ஏழு தினங்களுக்குள் ஏற்கத் தவறும் பட்சத்தில்" என்று ஆரம்பித்தது அது. "போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வந்தா மாதிரி கீது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, முதலாளி சாப்பிடப் போய்விட்டார்.

மதியம் யாரும் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். கெட்ட சேதியை ஒளித்து வைப்பது மரியாதை இல்லை. படிக்கிறவருக்குத் தலை சுற்றும், அவ்வளவுதான். குறை சொல்லாமல், கெஞ்சாமல், மிரட்டாமல், விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். நாலாவது பிரதியை அப்படி எழுதினேன்:

"இருபத்திரண்டு ஆண்டுகளாக எங்கள் புடவைகளின் நிறம் தங்கள் கையில்தான் இருந்துவருகிறது. அதற்கு எங்கள் நன்றி. இவ்வாண்டு ஒப்பந்தத்தைத் தங்களுடனேயே புதுப்பிக்க விரும்புகிறோம். வெளிச்சந்தையில் சாயக்கூலி குறைந்திருப்பதால், ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எங்களால் தரக்கூடிய கூலி, தற்போதைய கூலியைவிட நூற்றுக்குப் பத்து குறைவாக இருக்கும். நிறவாரியான விவரம் இணைப்பில் உள்ளது. இதற்கு மேல் எங்களால் தர இயலாது. இதை ஈடுசெய்ய, நாற்பத்தைந்து நாளில் தந்துவந்த தொகையை இனிப் பதினைந்தே நாளில் தருவோம். மாத இறுதிக்குள் தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்."

முதலாளி இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆஸ்கார் வாங்கினது மாதிரி இருந்தது.

இணைப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் நிறத்தின் பெயரை மட்டும் எழுதினால் சண்டைதான் வரும். ஒருவர் வெங்காயத்தோல் என்பதை இன்னொருவர் ரோஸ் என்பார். அதனால் ரேட் பட்டியலிலும் சரி, தினம் போகும் ஆர்டர் சீட்டிலும் சரி, நிறத்தின் பெயருக்குப் பக்கத்தில் அந்த நிறத்தில் ஒரு துணுக்கு நூலை ஒட்டுவோம். சாயக்காரர் நூலைப் பார்த்துத் தொட்டியில் கலப்பார். பட்டியலை நான் டைப் செய்து கொடுத்தேன். நூல் ஒட்டுவது மட்டும் எப்போதும் முதலாளியின் வேலை. என்னைத் தொடவிட மாட்டார். அன்றும் ஓர் அட்டைப்பெட்டி நிறைய நூல் துணுக்குகளைப் பரப்பிக்கொண்டு, பசையும் கையுமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒட்டி, அவரே கவருக்குள் வைத்து மூடினார்.

கடிதத்தைத் தபாலில் அனுப்ப அவருக்குப் பயம். "நீயே போய்க் குடுத்துட்டு, நம்ம காப்பில ஒரு கையெழுத்து வாங்கினு வந்துடு. ஜல்தி" என்றார். நான் போனேன்.

சாயப்பட்டறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் மூங்கில் கழியில் நூல் சிட்டங்களைக் கோத்து, கொதிக்கும் சாயத்தில் திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டிருந்தார்கள். சாயக்காரர் அறுபது தாண்டியவர், ஒடிசலானவர். கை ஈரமாக இருக்கிறது, நீயே படிம்மா என்றார். நான் எழுதின கெட்ட சேதியை நானே வாய்விட்டுப் படிக்க வேண்டியதாயிற்று. "இதற்கு மேல் எங்களால் தர இயலாது" என்ற இடத்தில் என் குரல் தானாகச் சின்னதாகிவிட்டது.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "லெட்டரு நல்லா கீதும்மா" என்றார்.

சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

"பாதி வேலைக்கு மேல உங்க வேலைதான் எனக்கு. பத்து கொறைஞ்சா இந்த ரெண்டு பேர்ல ஒருத்தர நிறுத்தணும். அவ்வளவுதான் விஷயம். எங்க, அந்தப் பட்டியலக் காட்டு."

பிரித்துப் பிடித்தேன். பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கருஞ்சிவப்புக்கு "அரக்கு" என்று டைப் செய்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் கரும்பச்சை நூல் ஒட்டியிருந்தது. "பாட்டில் பச்சை" என்ற இடத்தில் அரக்கு நூல். ரோஸுக்குப் பக்கத்தில் சாம்பல். நீலமும் மாம்பழ மஞ்சளும் மட்டும் ஒழுங்காக இருந்தன.

"ஐயையோ, மாத்தி ஒட்டிட்டாருங்க! குடுங்க, நான் போய்..."

"இரும்மா." சாயக்காரர் சிரித்தார். "எப்பவும் இப்படித்தான் வரும்."

சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்த எங்கள் ஆர்டர் சீட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன். முதலாளியின் கையெழுத்தில் அரக்கு, அரக்கு, அரக்கு. பக்கத்தில் பச்சை, பச்சை, ஒன்றில் காப்பிக்கொட்டை நிறம்.

"மொதலாளிக்குச் சிவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியாதும்மா. பொறவியிலேயே அப்படி. அவருக்கே தெரியாது. நான் மொத வாரமே கண்டுகினேன். எழுத்தப் படிச்சு, எழுத்துல இன்னா கீதோ அதப் போட்டுக் குடுத்துடுவேன். நூலப் பாக்கறதில்ல."

"இருபத்திரெண்டு வருஷமாவா? ஏங்க சொல்லல?"

"எப்படிம்மா சொல்றது? ஆரணியிலேயே கலருக்கு என்ன மாதிரி கண்ணு எவனுக்கும் கெடையாதுன்னு சொல்லிகினு கீற மனுஷன்கிட்ட?"

நான் ஆறு வருடம் அந்த மனிதரின் எதிரில் உட்கார்ந்திருந்தேன். புடவைப் பெட்டியின் மேல் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுவதே நான்தான். அவர் பெயரைப் படித்துத்தான் வியாபாரிகளிடம், "இந்த அரக்கப் பாருங்க" என்று எடுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. கடிதம் எழுதத் தெரிந்தால் போதுமா?

சாயக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பதில் எழுதணும். நீதான் நல்லா எழுதுறியே, எழுதும்மா. ரேட்டுக்கு ஒத்துக்கறேன்னு போடு. மிஷின்காரன் அந்த ரேட்டுக்குச் செய்யறான். ஆனா அவன் இன்னா செய்வான்? எழுத்தப் படிப்பானா? நூல மிஷின்ல வெச்சு, அது இன்னா கலரோ அதத்தான் போடுவான். மிஷின் ரேட்டுக்கு மிஷின் வேலை. அதத்தானே நானும் செய்யணும்? மரியாதையா எழுது. ஆனா..."

"கண்டிப்பா இருக்கணும். தெரியுங்க."

இதற்கு நாலு பிரதி தேவைப்படவில்லை. ஒரே மூச்சில் எழுதினேன்: "தங்கள் கடிதத்துக்கு நன்றி. குறைக்கப்பட்ட கூலியை ஏற்றுக்கொள்கிறேன். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, சீட்டில் ஒட்டப்படும் நூல் எந்த நிறமோ அதே நிறத்தில் மட்டும் சாயம் ஏற்றித் தரப்படும் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அவர் கையெழுத்துப் போட்டார். விஷயத்தை முதலாளியிடம் நான் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "நீ சொன்னா, ரேட்டுக்காகச் சொல்லிக் குடுத்தேன்னு ஆயிடும்" என்றார்.

முதலாளி பதிலைப் படித்துத் துள்ளிக் குதித்தார். "பாத்தியா! உன் லெட்டரு வேலை செஞ்சிடுச்சு! நூல் கலர்ல மட்டும் போடுவாராம். இதுல இன்னா கீது, எப்பவும் அதத்தானே செய்யறாரு?" எனக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். தொண்டையில் இறங்கவில்லை என்று சொன்னால் பொய். இறங்கியது. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பயம் கூடவே இறங்கியது.

ஏப்ரல் இரண்டாம் தேதி, சென்னைக் கடை ஒன்றின் கல்யாண ஆர்டருக்கு ஒரே ஒரு பாவு அரக்கு வேண்டும் என்று சீட்டு போயிற்று. முதலாளியே பார்த்துப் பார்த்து நூல் ஒட்டினார். நான் எட்டிப் பார்த்தேன். பச்சை. "சார், ஒருதரம் செக் பண்ணிக்கலாமா?" என்றேன். "கலர் விஷயத்துல எனக்கே சொல்றியா?" என்றார். சத்தியத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன்.

நாலாம் நாள் பாவு வந்தது. சுத்தமான கரும்பச்சை. அவ்வளவு நல்ல பச்சையை நான் பார்த்ததே இல்லை, சாயக்காரர் அதிலும் குறை வைக்கவில்லை. முதலாளி பிரித்து, தடவி, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார்.

"அடாடாடா! என்ன அரக்கு! ரேட்டக் கொறைச்சும் வேலையில கொறை வெக்கல பாரு!"

பாவு வாங்கிப் போக வந்த நெசவுக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவர் பாவைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"மொதலாளி, அரக்குன்னு சொல்லி அனுப்புனீங்க. இது பச்சையாச்சே?"

"காலையிலேயே போட்டுட்டியா நீ?" என்றார் முதலாளி.

"ஐயோ, நான் குடிக்கிறதே இல்லீங்க!"

அப்போதுதான் எங்கள் தெருவே வேடிக்கை பார்த்த அந்தக் கூத்து நடந்தது. முதலாளி பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தினார். டீக்கடைக்காரர் "பச்சைங்க" என்றார். எதிர் வீட்டு அம்மா "கரும்பச்சை" என்றார், கூடவே விலையும் கேட்டார். களம்பூருக்கு அரிசி ஏற்றப் போகும் லாரி டிரைவர் ஒருவரை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அவர் தலையை வெளியே நீட்டி, "பச்சை. ஏன், இன்னா ஆச்சு?" என்றார். முதலாளிக்கு எல்லோரும் சேர்ந்து தன்னைக் கலாய்க்கிறார்கள் என்ற சந்தேகம். கடைசியாக என்னிடம் வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"நீ சொல்லும்மா. நீ பொய் சொல்ல மாட்ட."

"பச்சைங்க" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அட்டைப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு நூலாக எடுத்து நீட்டினார். அவர் ஒரு பெயர் சொன்னார், நான் ஒரு பெயர் சொன்னேன். அவர் சொன்னதும் நான் சொன்னதும் நீலத்திலும் மஞ்சளிலும் மட்டும் ஒத்துப்போயின. பத்து நூலுக்குப் பிறகு நிறுத்திவிட்டார். அரசாங்கத் தேர்வு முடிவைப் பார்த்த பையன் போல உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "அப்ப இவ்வளவு வருஷமா அரக்கு எப்படி அரக்கா வந்துச்சு?" என்றார். மேஜை டிராயரைத் திறந்து சாயக்காரரின் பதிலை எடுத்து, அந்த ஒரு வரியை விரல் வைத்து மறுபடி படித்தார்.

"வரச் சொல்லு அவரை" என்றார்.

சாயக்காரர் வந்தார். வேலையை நடுவில் விட்டுவிட்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணே, எத்தினி வருஷமா தெரியும்?"

"மொத வாரத்துல இருந்தே தெரியும் மொதலாளி."

முதலாளி என்னைப் பார்த்தார். "எழுதிக்கோம்மா. பழைய ரேட்டு. பதினஞ்சு நாள்ல பணம். மிஷின்காரருக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிடு."

"காரணம் இன்னான்னு போடறதுங்க? ஆடிட்டர் கேப்பாரு."

"உண்மையையே போடு. மொதலாளிக்குக் கண்ணு தெரியாதுன்னு போடு."

"அதெல்லாம் எழுதாதம்மா" என்று சாயக்காரர் குறுக்கே பாய்ந்தார். "இது ஊருக்குத் தெரிஞ்சா இந்தக் கடையில எவன் பட்டு வாங்குவான்? அப்புறம் எனக்கு ஏது வேலை?" ஊர் முழுக்க லாரி டிரைவர் வரை தெரிந்துவிட்டது என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. "தரம் கருதி" என்று இரண்டே வார்த்தை போட்டேன். ஐந்தாம் பிரதி அவ்வளவுதான். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சாயக்காரர் கிளம்பினார். வாசல் வரை போனவரை முதலாளி கூப்பிட்டார்.

"அண்ணே. பாப்பா கல்யாணம். முகூர்த்தப் புடவை. நான்தான் நூல் ஒட்டி அனுப்பினேன்."

சாயக்காரர் தரையைப் பார்த்தார். "ஆமாங்க."

"இன்னா நூல் ஒட்டியிருந்தேன்?"

"சாம்பல் கலருங்க."

முதலாளியின் பெண் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். பெண் ரோஸ் புடவையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் எல்லாம் புடவையைத் தொட்டுப் பார்த்தார்கள். முதலாளி மேடைக்கும் பந்திக்கும் நடுவில் அலைந்துகொண்டு, நானே தேர்ந்தெடுத்த கலர், நானே தேர்ந்தெடுத்த கலர் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாப்பா ரோஸ் கேக்குதுன்னு சீட்டுல எழுதியிருந்தீங்க" என்றார் சாயக்காரர். "கொழந்தை ஆசைப்பட்டதாச்சேன்னு மூணு தரம் முக்கி எடுத்தேன். நல்லா வந்துச்சு மொதலாளி. நீங்க கவலைப்படாதீங்க."

முதலாளி எழுந்து வந்தார். சாயக்காரரின் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சாயக்காரருக்குக் கூச்சமாகிவிட்டது.

"விடுங்க மொதலாளி, சாயம் காயல. உங்க சட்டையில எல்லாம் நீலம் ஒட்டிக்கும்."

"நீலம் எனக்குத் தெரியும்யா" என்றார் முதலாளி, கையை விடாமல்.